மடிப்போடு வளையும் கோடு

திங்கள், திருப்பூர்

வெள்ளை டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் ஐந்து நீலக் கோடுகள் வர வேண்டும். ஸ்கிரீன் போடும் முன் வாங்குபவருக்குப் படம் அனுப்பியாக வேண்டும். போட்டோவின் மேல் டிசைனை வைத்து, லேயரை Multiply ஆக்கிக் காட்டினேன். பிரிண்டிங் யூனிட்காரர் பார்த்த உடனே, “டிசைனு துணி மேல மெதக்குதே கண்ணு” என்றார். அவர் சொன்னது சரி. Multiply துணியின் நிழலை மைக்குள் இறக்கிவிடுகிறது. ஆனால் அக்குளிலிருந்து சரிந்து வரும் மடிப்புகளின் மேல் கோடு அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராகவே போகிறது. பூவோ முகமோ என்றால் கண் ஏமாந்துவிடும். கோடும் எழுத்தும் ஏமாற்றவிடாது.

செவ்வாய்

போட்டோஷாப்பில் Filter > Distort > Displace. இந்த ஃபில்டர் வேறொரு PSD கோப்பை வரைபடமாகக் கேட்கும். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள வெளிச்சத்தைப் படித்து, டிசைனில் அதே இடத்தை நகர்த்தும். 128 என்ற நடுச் சாம்பல் என்றால் அசைவில்லை. அதைவிடக் கறுத்தால் ஒரு பக்கமும் வெளுத்தால் எதிர்ப்பக்கமும் நகரும். அளவு 100 என்று கொடுத்தால் உச்ச நகர்வு 128 பிக்சல். 10 கொடுத்தால் 13 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு.

சட்டைப் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கி வரைபடமாகத் தருவதுதான் பலரும் செய்வது. அதில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைத் துணியின் சமமான பகுதி 212 இருக்கிறது. அளவு 10 என்றால், மடிப்பே இல்லாத அந்த இடம் 8 பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். மடிப்பின் நிழல் 140. அது 1 பிக்சல்தான் நகரும். அதாவது அசையாமல் இருக்க வேண்டிய இடம் ஓடுகிறது, வளைய வேண்டிய இடம் நிற்கிறது. கறுப்புச் சட்டை என்றால் எல்லாமே 128-க்குக் கீழே விழுந்து, டிசைன் மொத்தமாக எதிர்ப்பக்கம் போய்விடும். சமதளத்தை முதலில் 128-க்குக் கொண்டுவராமல் அளவை மட்டும் ஏற்றி இறக்கிப் பயனில்லை.

புதன்

இதற்கு நான் நம்புவது High Pass. படத்தின் நகலில் நிறத்தை Desaturate மூலம் நீக்கிவிட்டு Filter > Other > High Pass. மடிப்பு ஏறக்குறைய 60 பிக்சல் அகலம். ஆரத்தை 80 வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தால் நெஞ்சின் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி மங்கியும் இருந்த பெரிய வேறுபாடு கரைந்து, சமதளம் தானாகவே 128-ஐ ஒட்டி வந்தது. மடிப்புகள் மட்டும் மேடும் பள்ளமுமாக மிஞ்சின.

அடுத்து Gaussian Blur, 6 பிக்சல். இதைத் தவிர்த்தால் பின்னலின் நுண்ணிழைகளையும் ஃபில்டர் மடிப்பாக எடுத்துக்கொண்டு கோட்டின் ஓரத்தை ரம்பப் பல்லாக்கிவிடும். ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரியும். 20 வரை மங்கலாக்கினாலோ மடிப்பே அழிந்து, கோடு சோம்பலாக அலைகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. முழங்கையின் நிழல் ஒன்று துணியில் விழுந்திருந்தது. ஃபில்டருக்குத் தெரிவது வெளிச்சம் மட்டுமே. அது மடிப்பா, வெறும் நிழலா என்று அதற்குத் தெரியாது. அந்த நிழலின் விளிம்பை 128 சாம்பல் பிரஷ்ஷால் பூசி மறைத்தேன். லேயர்களை ஒன்றாக்கி `fold-map.psd` என்று சேமித்தாயிற்று. அளவில் இது போட்டோவின் அதே அகலமும் உயரமுமாக இருக்க வேண்டும்.

வியாழன்

டிசைனை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொண்டு Displace கொடுத்தேன். பிறகு எண்ணை மாற்ற வசதி. வளைவு எந்தத் திசையில் வர வேண்டும் என்று ஊகிக்க மனமில்லை. கோடு போட்ட பழைய டி-ஷர்ட் ஒன்றை அதே மாடலுக்கு அணிவித்து, அதே ஜன்னல் ஓரம், அதே நிலையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மடிப்பின் முகட்டில் அந்தக் கோடுகள் மேலே ஏறின. என்னுடையவை கீழே இறங்கின. Vertical Scale-ஐ 10-லிருந்து -10 ஆக்கியதும் ஒத்துப்போயிற்று. Horizontal Scale 4 போதும். அதற்கு மேல் போனால் கோட்டின் முனைகள் தடுமாறுகின்றன.

மங்கலாக்காத High Pass படத்தை டிசைனுக்கு மேல் கிளிப் செய்து Overlay-இல் வைத்தால், மையின் மீதும் மடிப்பின் ஒளி நிழல் ஏறுகிறது. அந்த முறையில் நடுச் சாம்பல் எதையும் மாற்றாது என்பதால் சமதளம் கெடுவதில்லை. கறுப்புத் துணியில் வெள்ளை மை என்றால் Multiply-இல் மை மறைந்துபோகும். மையை Normal-இல் விட வேண்டும். Overlay தூய வெள்ளையை மாற்றாது என்பதால் இந்தச் சாம்பலை Hard Light-இல் வைக்க வேண்டும்.

வெள்ளி

அக்குளுக்குப் பக்கத்தில் துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கிறது. அங்கே நிஜக் கோடு மடிப்புக்குள் மறைந்து, அந்தப் பக்கம் சற்றுத் தள்ளித் தொடங்கும். Displace புள்ளிகளை நகர்த்துமே தவிர மறைக்காது. அதனால் டிசைனை அந்த மடிப்பின் விளிம்போடு இரண்டாக வெட்டி, வெளித்துண்டை உள்ளே தள்ளி, விளிம்புக்கு மாஸ்க் போட்டேன். இரண்டு துண்டுகளுக்கும் அதே வரைபடம், அதே எண்கள். யூனிட்காரர் மதியம் வந்து படத்தைப் பெரிதாக்கி அந்த விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். “இது துணியிலயே இருக்குது” என்று சொல்லி, வாங்குபவருக்கு அனுப்பச் சொன்னார்.