சித்தப்பாவின் ரிமோட்

வெள்ளிமலையில் இருக்கும் என் சித்தியை ஒருநாள் முழுக்க அலைய விட்டவன் நான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டே நிமிடம் போனில் பேசி அதைச் செய்தேன்.

சித்தப்பா கல்வராயன் மலையில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஐப்பசி மழையில் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கள்ளக்குறிச்சியில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர், அதன்பிறகு கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. ராத்திரியில் தூக்கம் வராது. பன்னிரண்டு, ஒரு மணி வரை டிவிதான் துணை.

அவர்கள் வீட்டில் முன்பு இருந்தது அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி. 2006 தேர்தல் வாக்குறுதியாக வந்த டிவி. அதன் முகத்திலேயே சேனல், வால்யூம் பொத்தான்கள் இருக்கும். ரிமோட் தொலைந்தாலும் எழுந்துபோய் அமுக்கிக்கொள்ளலாம். இப்போது இருப்பது சுவரில் மாட்டிய டிவியும், கூரைமேல் ஒரு டிஷ்ஷும், மேசையில் ஒரு செட் டாப் பாக்ஸும். பாக்ஸின் முகத்தில் ஒரே ஒரு சின்ன விளக்கு. மற்ற எல்லாமே ரிமோட்டுக்குள் போய்விட்டது. எழுந்து நடக்க முடியாத மனுஷனுக்கு அந்த ரிமோட் என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை.

மார்கழியில் சித்தி போன் பண்ணினாள்.

“தம்பி, ரிமோட்டு வேல செய்யலடா. பேட்டரி புதுசு போட்டுட்டன். பகல்ல நல்லாத்தான் இருக்கும்போல. ராத்திரில எவ்ளோ அமுக்கினாலும் மாற மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்துபோய் பக்கத்துல வச்சு அமுக்கறன்.”

எனக்குத் தெரிந்த வித்தையை உடனே எடுத்து விட்டேன். பக்கத்து வீட்டுப் பையனை அவன் போனோடு கூப்பிடச் சொன்னேன். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் குமிழைக் காட்டி, ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னேன். திரையில் ஊதாவாக ஒரு வெளிச்சம் வந்தால் ரிமோட் நல்லது, வராவிட்டால் கெட்டது.

“ஒண்ணும் வர்லண்ணா,” என்றான் பையன்.

“அப்ப ரிமோட் செத்துப்போச்சு சித்தி. புதுசு வாங்கிடு.”

மறுநாள் காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து, ஒரு கடையில் எல்லா பாக்ஸுக்கும் பொருந்தும் என்று கொடுத்த ரிமோட்டை 150 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பவேண்டும் என்று ஓடியிருக்கிறாள். அதுவரை சித்தப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். புது ரிமோட் எதற்கும் அசையவில்லை. சித்தி என்னிடம் அதைச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாதான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் பழைய ரிமோட்டை எடுத்து என் போனுக்கு முன்னால் வைத்து அமுக்கினேன். பளிச்சென்று ஊதா வெளிச்சம் சிமிட்டியது. செத்துப்போனதாக நான் தீர்ப்பு சொன்ன ரிமோட்.

சித்தப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். “அன்னைக்கு அந்தப் பையன் போனுல, நல்லா இருக்கற ஒரு ரிமோட்ட முதல்ல வச்சுப் பாக்கச் சொன்னியா?”

சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலான ரிமோட்டுகளில் அதன் அலைநீளம் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். நம் கண் 700ஐத் தாண்டியதும் கிட்டத்தட்டக் குருடு. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சுமார் 1100 வரை பார்க்கும். அப்படியே விட்டால் படங்களின் நிறமெல்லாம் கெட்டுப்போகும் என்பதால், லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். நாம் ரிமோட்டின் வெளிச்சத்தைப் பார்ப்பது இந்த வடிகட்டியின் ஓட்டை வழியாகத்தான். அது ஒழுகினால் வெளிச்சம் தெரியும். ஒழுகாவிட்டால் எவ்வளவு நல்ல ரிமோட்டும் இருட்டாகத்தான் இருக்கும்.

ஆக, நல்ல கேமரா என்பது இந்தச் சோதனைக்குக் கெட்ட கேமரா. பையன் காட்டியது போனின் பின்பக்கக் கேமரா. பல போன்களில் அதன் வடிகட்டி கெட்டியாக இருக்கும். அதே போனின் செல்ஃபி கேமராவில் பெரும்பாலும் வடிகட்டல் குறைவு. பையனைக் கூப்பிட்டு அதே போனைத் திருப்பி வைத்தோம். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை, முன்பக்கத்தில் மங்கலாக ஊதா. “அய்யோ, வருதுண்ணா!” என்றான்.

ஊதா ஏன் என்று அவன் கேட்டான். அகச்சிவப்புக்கு நிறமே கிடையாது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளி மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வண்ண உறை இருக்கிறது. அகச்சிவப்பு இந்த மூன்றையும் ஊடுருவிப் போய்விடும். மூன்று புள்ளிகளும் ஒன்றாக எரிவதால் கேமரா குழம்பிப்போய், ஊதா கலந்த வெள்ளையாக ஒரு நிறத்தைப் போட்டுவிடுகிறது.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் இந்த ஒளியைக் கண்டுபிடித்த கதையைச் சித்தப்பா வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார்; சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. “அது மட்டுமா? ஒளி படாத இடத்துலயும் வெப்பமானி வச்சிருந்தாரு. அது இல்லன்னா ஏறுனது எதனாலன்னு எப்படிச் சொல்றது?” என்றார். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். கருவியைச் சோதிக்காமல் நோயாளிக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

ஆகவே நீங்கள் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ரிமோட்டை எடுங்கள், பக்கத்து வீட்டுடையதாக இருந்தாலும் சரி. செல்ஃபி கேமராவைத் திறந்து, அறை வெளிச்சத்தைக் குறைத்து, ரிமோட்டின் மூக்கை இரண்டு மூன்று அங்குலத்தில் நேராகக் காட்டி, பொத்தானை விடாமல் அமுக்கியபடி திரையைப் பாருங்கள். வெளிச்சம் வந்தால் உங்கள் கேமரா சாட்சி சொல்லத் தகுதியானது. பிறகு சந்தேகப்படும் ரிமோட்டை அதே இடத்தில் வையுங்கள். ஒரு பொத்தானோடு நிறுத்தாதீர்கள். சிலது எரிந்து சிலது எரியாவிட்டால் உள்ளே ரப்பருக்கு அடியில் இருக்கும் கரித்தொடுப்பு தேய்ந்திருக்கும், அல்லது பிசுக்கு ஏறியிருக்கும். எதையும் அமுக்காமலே வெளிச்சம் சிமிட்டினால் ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. குரல் கேட்கும் சில புது ரிமோட்டுகள் புளூடூத்தில் பேசுபவை. அவற்றில் பல பொத்தான்களுக்கு வெளிச்சமே வராது, அது பழுதில்லை.

சரி, சித்தப்பாவின் ரிமோட்டில் எல்லாப் பொத்தானும் எரிந்தது. அப்படியானால் ராத்திரியில் ஏன் வேலை செய்யவில்லை?

இங்கேதான் சோதனையின் எல்லை. வெளிச்சம் வந்தால் பேட்டரி, சிப், குமிழ் மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். அந்த வெளிச்சம் என்ன சொல்கிறது என்று தெரியாது. ரிமோட் தன் ஒளியை நொடிக்கு சுமார் 38,000 தடவை அணைத்து ஏற்றுகிறது. அந்தத் துடிப்பைக் கொத்துக் கொத்தாக வெட்டித்தான் எண்களை எழுதுகிறது. பாக்ஸில் இருக்கும் ரிசீவர் அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும். வெயிலையும் சாதாரண விளக்கையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவுக்கு 38,000 எங்கே தெரியப்போகிறது? அது பார்ப்பது கொத்துகளுக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளியை மட்டும். கடையில் வாங்கிய ரிமோட்டும் என் போனில் நன்றாகவே எரிந்தது, பழையதைவிடப் பிரகாசமாக. அது வேறு பாக்ஸின் பாஷையைப் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சித்தி அன்று போனில் சொன்னதை இப்போதுதான் முழுதாகக் கேட்டேன். பகலில் வேலை செய்கிறது. ராத்திரியில் செய்யவில்லை. ராத்திரியிலும் கிட்டே போனால் செய்கிறது. பேட்டரி தீர்ந்துபோகும் ரிமோட்டுக்குப் பகல், ராத்திரி தெரியாது.

“ராத்திரில இந்த ரூம்ல என்ன மாறும் சித்தி?”

“என்ன மாறும்? லைட்டு போடுவன். அவரு விழுந்ததுக்கு அப்புறம் இந்த லைட்ட விடிய விடிய எரிய விடறன், எழுந்தா தடுக்காம இருக்கட்டும்னு.”

பாக்ஸ் இருந்த மேசைக்கு மேலேயே, ஒரு முழ உயரத்தில், ஒரு பழைய சிஎஃப்எல் விளக்கு. பரணில் கிடந்ததை எடுத்து மாட்டியிருந்தாள். சிஎஃப்எல்லின் அடிப்பாகத்தில் இருக்கும் மின்சுற்று, குழாயை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை தூண்டித்தான் எரிய வைக்கிறது. அந்த ஒளியில் கொஞ்சம் அகச்சிவப்பும் உண்டு. ஆக, ரிசீவரின் காதுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய அதே சுருதியில் ஓயாமல் ஒருவன் இரைந்துகொண்டிருக்கிறான். ஓயாத இரைச்சல் வந்தால் ரிசீவர் தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதை வடிவமைக்கிறார்கள். பிறகு பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். பத்தடி தள்ளிக் கட்டிலில் இருந்து கூப்பிட்டால் கேட்காது.

விளக்கை அணைத்தேன். “இப்ப அமுக்குங்க சித்தப்பா.”

சேனல் மாறியது. போட்டேன், மாறவில்லை. அணைத்தேன், மாறியது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை சித்தப்பாவே, “போதும், ஒரு தடவைன்னா தற்செயல்னு சொல்லலாம்,” என்றார்.

மறுநாள் ஒரு சின்ன எல்இடி பல்பு வாங்கி, கட்டிலுக்குப் பின்னால் கதவோரமாக மாட்டினேன். வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. வழியும் தெரிந்தது, சேனலும் மாறியது.

அவர் தடுக்கி விழக்கூடாது என்று சித்தி ஏற்றிய விளக்குதான் அவர் கையில் இருந்த ஒரே சாமானை ஊமையாக்கியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “பழைய பல்பு சித்தி, அதான்,” என்று மட்டும் சொன்னேன். அவள் 150 ரூபாய் ரிமோட்டை முந்தானையால் துடைத்து மேசை டிராயரில் வைத்தாள். “எப்பவாச்சும் ஆவும்.”

அன்று ராத்திரி சித்தப்பா டிவியை அணைத்துவிட்டு என் போனைக் கேட்டார். செல்ஃபி கேமராவுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார். இருட்டில் அந்த ஊதா வெளிச்சம் அவர் முகத்துக்குக் கீழே சிமிட்டியது, திரைக்குள் மட்டும்.

“முப்பது வருஷம் இத பாடமா நடத்தினன்டா,” என்றார். “இப்பதான் பாக்கறன்.”