ஒரே எழுத்து, வேறு இலக்கணம்

நம்ம கல்பாக்கம் நகரியத்துக்கு மும்பையிலிருந்தும் தாராப்பூரிலிருந்தும் மாற்றலாகி வரும் மராத்திக் குடும்பங்கள் உண்டு. இந்தி டீச்சராக இருந்த என்னிடம் அந்தத் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், எங்க எழுத்தும் இந்தி எழுத்தும் ஒண்ணுதானே, இவனுக்கு ஏன் மார்க் குறையுது?"

எழுத்து ஒன்றாக இருப்பதுதான் சிக்கலே. தமிழ்ப் பிள்ளை இந்தியை அந்நிய மொழி என்று நினைத்துப் பார்த்துப் பார்த்து எழுதும். மராத்திப் பிள்ளையோ தெரிந்த மொழிதானே என்று வேகமாக எழுதிவிடும்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். 'நான் புத்தகம் படித்தேன்' என்பதற்கு மராத்தியில் 'மீ புஸ்தக் வாச்லே'. பையன் அதை 'மை புஸ்தக் படா' என்று எழுதுவான். சரியான இந்தி 'மைனே புஸ்தக் படீ'. இரண்டு இடத்தில் தவறு.

முதல் தவறு 'னே'. மராத்தியில் நான், நீ என்பவற்றோடு அது ஒட்டாது. அவன், அவள் என்றால்தான் ஒட்டும். இந்தியில் 'நான்' என்றாலும் வேண்டும்.

இரண்டாவது, பால். நம்மைப் போலவே மராத்தியிலும் ஆண், பெண், அது என்று மூன்று உண்டு. இந்தியில் 'அது' கிடையாது. மராத்தியில் 'அது'வாக இருக்கும் வீடு (கர்), பால் (தூத்), தண்ணீர் (பாணி) எல்லாம் இந்தியில் ஆண்பால். அந்தப் பழக்கத்தில் புத்தகத்தையும் ஆணாக்கிவிடுகிறான்; இந்தியில் அது பெண். குரலைக் குறிக்கும் 'ஆவாஜ்' மராத்தியில் ஆண், இந்தியில் பெண்.

'புத்தகம் கொண்டு வந்தேன்' என்றால் கதையே மாறும். இந்தியில் 'மை புஸ்தக் லாயா'. 'லானா' என்ற வினைக்கு 'னே' வராது. வினை புத்தகத்தைப் பார்க்காமல் பையனைப் பார்த்து முடியும்.

இலக்கணத் தவறு சிவப்பு மையில் தெரிந்துவிடும். சொல் தவறு தெரியாது. ஒரு பையன் கட்டுரையில், டீச்சர் தனக்கு 'ஷிக்ஷா' கொடுத்தார் என்று எழுதியிருந்தான். திருத்தியவர் டிக் போட்டிருந்தார். இந்தியில் ஷிக்ஷா என்றால் கல்வி, மராத்தியில் தண்டனை. 'சஜா' என்று எழுதியிருந்தால் யாராவது கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். அவன் பட்ட அடி நல்ல வாக்கியமாகப் போய்விட்டது.

அதனால் தாய்மார்களுக்கு நான் சொல்வது: சொல்லைத் தனியாகப் படிக்க வைக்காதீர்கள். 'மேரா கர்', 'மேரீ புஸ்தக்', 'மேரீ ஆவாஜ்' என்று சேர்த்தே சொல்லட்டும். பால் தானாக நாக்கில் நிற்கும். ஷிக்ஷா மாதிரிச் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் போடுங்கள். 'சஹீ' என்றால் அங்கே கையெழுத்து, இங்கே 'சரி'. நாவலுக்கு அங்கே 'காதம்பரி', இங்கே 'உபந்யாஸ்'.

நம் ஊரில் உபந்யாசம் கேட்கக் கோயிலுக்குப் போவோம் என்று சொன்னால் இரு பக்கத்தாரும் சிரிப்பார்கள்!

உங்களுக்குத் தெரிந்த இப்படிப்பட்ட சொற்களைக் கமெண்டில் எழுதுங்கள்.