மூச்சுக்கு இடம் விட்டு எழுதுதல்

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் சாயரட்சைக்குப் பின் பத்து நிமிடம் தியானம் செய்விக்கும் பொறுப்பு, ஓய்வு பெற்ற ஆசிரியையான என்னிடம் வந்தது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் உரை எழுதிக்கொண்டு போனேன்.

முதல் நாளே பிழை நேர்ந்தது. "மூச்சு விடுங்கள்" என்றேன். சிலர் உள்ளே இழுத்தார்கள். சிலர் வெளியே விட்டார்கள். நம் பேச்சில் அச்சொல் சுவாசிப்பதையும் குறிக்கும், வெளிவிடுவதையும் குறிக்கும் அல்லவா? ஒவ்வொரு மூச்சுக்கும் முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று இருமுறை சொன்னதால், அடுத்த கட்டளைக்காக அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எண்பது வயது அம்மையார் ஒருவர் தலை கிறுகிறுக்கிறது என்று தூணைப் பற்றிக்கொண்டார். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

மறுநாள் உரையை வாய்விட்டுப் படித்து, நானும் உடன் சுவாசித்துப் பார்த்தேன். அப்போதுதான் காரணம் விளங்கியது. ஆங்கிலத்தில் 'ப்ரீத் இன்' என்று வினைச்சொல் முதலிலேயே வந்துவிடுகிறது. தமிழிலோ "மெதுவாக மூச்சை உள்ளே" என்பது வரை கேட்டவர், "இழுங்கள்" என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே முழு வாக்கியத்தை இரு மொழியிலும் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை சொல்லி, அதன்பின் குறிப்புச் சொல் மட்டும் போதும் என்று மாற்றினேன். ஒரு மூச்சுக்குத் தமிழ்; அடுத்த மூச்சுக்கு ஆங்கிலம். ஒரு புள்ளிக்கு ஒரு விநாடி மௌனம்.

உள்ளே . . . .
வெளியே . . . . . .
இன் . . . .
அவுட் . . . . . .

குறிப்புச் சொல்லை மூச்சு தொடங்கும் கணத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான்கும் ஆறும் சேர்ந்து பத்து விநாடி. ஒரு நிமிடத்திற்கு ஆறு மூச்சு. புள்ளிகளை, தாளம் எண்ணுவது போல மடியில் விரலால் எண்ணிக்கொள்வேன். அவசரப்படுகிற என் நாவை அது அடக்கும். மூச்சை உள்ளே நிறுத்தும் பகுதியை அறவே நீக்கினேன். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் நிறைந்த சபையில் அது வேண்டாம். "இந்த அளவு ஒவ்வாதவர்கள் தம் இயல்புப்படி சுவாசிக்கலாம், இடையில் நிறுத்திவிடவும் செய்யலாம்" என்ற வரியை இரு மொழியிலும் முதலில் வைத்தேன்.

ஆறு மூச்சுக்குப் பின் என் குரலும் ஓயும்; ஒரு நிமிட மௌனம். முடிவில் திடீரென்று பேசினால் கண்மூடி இருப்போர் திடுக்கிடுவர். ஆகவே "கோயில் மணியோசை காதில் விழட்டும்" என்று தாழ்ந்த குரலில் தொடங்கி, விரல்களை அசைக்கச் சொல்லி, கடைசியாகவே கண்களைத் திறக்கச் சொல்கிறேன்.

அந்த அம்மையார் மறுவாரமும் வந்தார். தூணருகில்தான் அமர்ந்தார், ஆனால் அதைப் பற்றிக்கொள்ளவில்லை.