மூன்று கண்ணிகள்

கையில் காசில்லாத ஒருவர் அயலூர் ஒன்றில் ஒரு மாதம் தங்க வேண்டியிருக்கிறது. மாத இறுதியில் அவருக்குப் பணம் வந்து சேரும். அதுவரை அவரிடம் இருப்பது முப்பத்தொரு கண்ணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றே. வீட்டுக்கார அம்மையாரோ முன்பின் அறியாதவருக்குக் கடன் சொல்ல விரும்பவில்லை. முழுச் சங்கிலியையும் முன்னதாகவே கொடுத்துவிடப் பயணிக்கும் மனமில்லை. இறுதியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றனர். நாளொன்றுக்கு ஒரு கண்ணி வாடகை. எந்த நாளிலும் அம்மையாரிடம் இருக்கும் கண்ணிகளின் எண்ணிக்கை, கழிந்த நாள்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கவேண்டும். மாத இறுதியில் பணம் வந்ததும் பயணி அதைச் செலுத்திச் சங்கிலியை மீட்டுக்கொள்வார்.

மீட்ட சங்கிலியை ஒட்டவைக்க வேண்டுமே! கண்ணியை அறுக்கும்போது பொன் துகளாக உதிரும். மீண்டும் பற்றவைக்கும்போது வேறு உலோகம் கலந்த பற்றாசு சேர்வதால் அவ்விடத்தில் மாற்றுக் குறையும். பொற்கொல்லருக்குக் கூலியும் தரவேண்டும். ஆகவே, மிகக் குறைந்த கண்ணிகளை அறுத்து முப்பத்தொரு நாள்களையும் கடப்பது எவ்வாறு என்பதே பயணியின் கவலை.

முதலில் தோன்றும் வழி எல்லாக் கண்ணிகளையும் தனித்தனியாகப் பிரிப்பது. அதற்குக்கூட முப்பத்தொரு கண்ணிகளையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணியை அறுத்தால் அதன் இருபுறமும் உள்ள கண்ணிகள் தாமே விடுபடும். எனவே இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்தால் பதினைந்து கண்ணிகளோடு வேலை முடிந்துவிடும். எனினும் பதினைந்து காயம்பட்ட சங்கிலி எத்தகைய சங்கிலி?

உடன்பாட்டின் சொற்களை மீண்டும் எண்ணிப் பார்த்தால் வேறொரு வழி புலப்படும். நாள்தோறும் புதிய கண்ணி ஒன்றைத் தரவேண்டும் என்று அது கூறவில்லை. அம்மையாரின் கையிருப்பு நாளுக்கு ஒன்று கூடவேண்டும் என்றே கூறுகிறது. கடையில் பெரிய நாணயத்தைத் தந்து சில்லறை பெறுவதுபோல், பெரிய துண்டைத் தந்து சிறிய துண்டுகளைத் திரும்பப் பெறலாம்.

ஏழு கண்ணிகள் உள்ள சங்கிலியைக் கொண்டு இதைத் தெளியலாம். மூன்றாவது கண்ணியை மட்டும் அறுத்தால் இரண்டு, ஒன்று, நான்கு என மூன்று துண்டுகள் கிடைக்கும். முதல் நாள் ஒற்றைக் கண்ணியைத் தருகிறார். இரண்டாம் நாள் இரட்டையைத் தந்து ஒற்றையைத் திரும்பப் பெறுகிறார். மூன்றாம் நாள் ஒற்றையை மீண்டும் தருகிறார். நான்காம் நாள் நான்கு கண்ணித் துண்டைத் தந்து மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்கிறார். இவ்வாறே ஏழு நாள்கள் கழிகின்றன. அறுபட்டது ஒரே கண்ணி.

இரண்டு கண்ணிகளை அறுத்தால் எத்தனை நாள்களைக் கடக்கலாம்? அறுத்த இரண்டும் ஒற்றைக் கண்ணிகளாகிவிடும். அவற்றைக் கொண்டு இரண்டு நாள்களுக்குத் தரலாம். மூன்றாம் நாளுக்குப் புதிய துண்டு தேவை. அது மூன்று கண்ணிகளுக்கு மேல் இருந்தால் அன்றே கணக்குத் தடைப்படும். மூன்றாக இருந்தால் ஐந்து நாள்கள்வரை செல்லும். அடுத்த துண்டு அதிக அளவாக ஆறு. அதனால் பதினொரு நாள்கள். இறுதித் துண்டு அதிக அளவாகப் பன்னிரண்டு. அதனால் இருபத்து மூன்று நாள்கள். இரண்டு வெட்டுகளால் இதற்கு மேல் செல்ல இயலாது. பிப்ரவரியின் இருபத்தெட்டு நாள்களுக்குக்கூட இது போதாது. எனவே எந்த மாதமாயினும் மூன்று கண்ணிகளை அறுத்தே ஆகவேண்டும்.

மூன்று போதுமா? பயணி தம் சங்கிலியின் முதலாவது, ஆறாவது, பதினைந்தாவது கண்ணிகளை அறுக்கிறார். மூன்று ஒற்றைக் கண்ணிகளும், நான்கு, எட்டு, பதினாறு கண்ணிகள் கொண்ட மூன்று துண்டுகளும் கிடைக்கின்றன. முதல் மூன்று நாள்கள் ஒற்றைகளால் கழிகின்றன. நான்காம் நாள் நான்கைத் தந்து மூன்று ஒற்றைகளையும் திரும்பப் பெறுகிறார். எட்டாம் நாள் எட்டைத் தந்து, அதுவரை தந்த ஏழையும் பெறுகிறார். பன்னிரண்டாம் நாள் எட்டோடு நான்கு சேர, ஒற்றைகள் திரும்புகின்றன. பதினாறாம் நாள் பதினாறைத் தந்து பதினைந்தையும் மீட்கிறார். அதன்பின் முதற் பதினைந்து நாள்களின் கொடுக்கல் வாங்கல் அப்படியே மீண்டும் நிகழ, முப்பத்தொன்றாம் நாள் எல்லாத் துண்டுகளும் அம்மையாரிடம் சேர்கின்றன.

எந்த வெட்டு முறையும் சரியானதா என்று அறிய எளிய சோதனை உண்டு. துண்டுகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு துண்டும் தனக்கு முந்தியவற்றின் மொத்தத்தைவிட ஒன்றுக்கு மேல் மிகலாகாது. மூன்று ஒற்றைகளுக்கு அடுத்து ஐந்து கண்ணித் துண்டு வந்தால் நான்காம் நாளே வாடகை தர வழியில்லாமற் போகும்.

இந்தச் சங்கிலிக்கு உடன்பிறப்பைப் போன்ற புதிர் ஒன்றும் உண்டு. 1957 முதல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் கணிதப் பத்தி எழுதிய மார்ட்டின் கார்ட்னர் எடுத்துரைத்த புதிர்களுள், முப்பத்தோர் அங்குல வெள்ளிக் கட்டியால் மார்ச் மாத வாடகையைச் செலுத்துவதும் ஒன்று. கட்டியை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு அங்குலங்களாக்க நான்கு வெட்டுகள் வேண்டும். சங்கிலிக்கோ மூன்று போதும். கட்டியில் வெட்டு என்பது இரு துண்டுகளுக்கு இடையே விழும் கோடு மட்டுமே. சங்கிலியில் வெட்டுப்பட்ட கண்ணி தானும் ஒரு துண்டாகிப் பயன் தருகிறது.

பயணியின் சங்கிலி இரு முனையும் இணைந்த கழுத்துச் சங்கிலியாக இருந்தால் என்ன ஆகும்? அதே மூன்று கண்ணிகளை அறுத்தாலும் அதே துண்டுகளே கிடைக்கும். ஆனால் வளையமாக இணைந்த சங்கிலிக்கு முப்பத்தொன்றே மூன்று வெட்டுகளின் எல்லை. முனைகள் விடுபட்ட சங்கிலியில் அந்த எல்லை அறுபத்து மூன்று வரை நீளும். மூன்று ஒற்றைகளோடு நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு எனத் துண்டுகள் அமையும். அடுத்தடுத்த எந்த இரண்டு மாத வாடகைக்கும் அதுவே போதும்.

இவ்வளவு கணக்கும் ஒன்றன்மேல் நிற்கிறது. அம்மையார் தாம் பெற்ற துண்டுகளைச் செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் அவர் எட்டுக் கண்ணித் துண்டை விற்றுவிட்டதாகக் கொள்வோம். பதினைந்தாம் நாள்வரை யாருக்கும் தெரியாது. சிறு துண்டுகளே கைமாறும். பதினாறாம் நாள் பயணி பெரிய துண்டை நீட்டிப் பதினைந்தைக் கேட்கும்போது அம்மையாரிடம் ஏழே இருக்கும். கடன் சொல்ல மறுத்தவரை, தமது பெட்டியில் உள்ள பொன்னைத் தொடமாட்டார் என்று நம்பித்தான் பயணி மூன்று கண்ணிகளோடு நிறுத்தினார். அந்த நம்பிக்கையும் இல்லையெனில், பதினைந்து கண்ணிகளையும் அறுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.