பெரிய டயர், பழைய பிரேக்

பொள்ளாச்சி புறவழிச் சாலையை ஒட்டிய அந்தப் பட்டறையில் ஒரு மாருதி ஜிப்ஸி ஸ்டாண்டின் மேல் நின்றது. வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வண்டி. தோட்டத்துக்குள் மட்டுமே ஓடுவதால் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மழைக்காலத்தில் சக்கரத் தடம் ஆழமாகிவிடுகிறது, நடுவில் நிற்கும் கல் ஆக்ஸிலில் இடிக்கிறது என்பது தோட்டத்துக்காரரின் குறை. 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட வேண்டும், வண்டியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும். பொதுச்சாலை வண்டி என்றால் மேஸ்திரி இந்த வேலையைத் தொடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரத்தை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

தூக்கும் வேலை பார்ப்பதற்கு எளிதுதான். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். வளைவு கூடிய பட்டைகளை மாட்டி, நீளமான ஷாக் அப்சார்பர் போட்டால் உடல் உயர்ந்துவிடும். ஆனால் ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் இடைவெளி இதனால் ஒரு நூல்கூடக் கூடாது. அதைத் தருவது டயர் ஒன்றுதான். ஸ்பிரிங்கின் வேலை, அந்த டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கொடுப்பது.

எவ்வளவு கூடியது என்பதை மேஸ்திரி சாக்பீஸால் காட்டினார். டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. பையன்கள் வண்டியை ஒரு சுற்றுத் தள்ளினார்கள். பழைய டயரில் 2 மீட்டர் 4 சென்டிமீட்டர். புதியதில் 2 மீட்டர் 24. ஏறத்தாழப் பத்து சதவீதம் கூடுதல். அந்த அளவுக்கு எல்லாக் கியரும் நீண்டுவிட்டது என்று பொருள். 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின், அதிலும் குறைந்த சுற்றில் இழுவை கம்மியான என்ஜின், இதை உடனே உணரும். இரண்டாம் கியரில் ஏறிய மேடு முதல் கியர் கேட்கும். ஓட்டுபவர் கிளட்சை நழுவவிட்டு ஏற்றுவார். சில மாதத்தில் பிளேட் தீய்ந்த வாடை வரும். மாற்று, கிரௌன்–பினியனை அதே பத்து சதவீதம் குறைந்த வேகத்துக்கு மாற்றுவது. விகிதம் 4 இருந்த இடத்தில் 4.4 வேண்டும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒன்றுபோல் மாற்றியாக வேண்டும். ஒன்றை விட்டால், நான்கு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பல்லை உடைத்துவிடும்.

“கியரு இழுக்கலைன்னா வண்டிக்காரரே ஓடி வந்து சொல்லிருவாருங்ணா. பிரேக்கு கம்மியானது அவருக்குத் தெரியவே தெரியாதுங்” என்றார் மேஸ்திரி. எனக்கு இதுவே இந்த வேலையின் கனமான பகுதியாகப் பட்டது. டிஸ்க்கும் காலிப்பரும் பழையவைதான். மிதிக்கும் கால் அதே அழுத்தம்தான். ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால், அதே பிடி தரையைச் சேரும்போது ஒன்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. ஸ்பீடாமீட்டரோ பழைய டயரை நம்பிக்கொண்டு 40 காட்டுகிறது. வண்டி 44-இல் போகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடுமாதலால், பிரேக் விழுங்க வேண்டியது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இரண்டையும் சேர்த்தால், அதே மிதிக்கு வண்டி நிற்கும் தூரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்துவதும் குறைவதால் அந்தச் சுமையும் பிரேக்குக்கே வருகிறது. பேட் சூடேறிப் பிடி நழுவும் இடம் தோட்டத்தின் நீண்ட இறக்கம்தான்.

கிரௌன்–பினியன் மாற்றினால் ஸ்பீடாமீட்டரும் தானாகச் சரியாகிவிடும். ஜிப்ஸியில் அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. எனவே ஆக்ஸில் விகிதமும் டயரும் ஒரே அளவு மாறினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி, முள் பழையபடி உண்மை சொல்லும். என்ஜின் பிடியும் திரும்பிவிடும். பிரேக்கின் ஒன்பது சதவீதம் மட்டும் திரும்பாது.

அடுத்து ஹோஸ். மேஸ்திரி சேஸிஸை ஜாக்கியால் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டார். ஸ்டியரிங்கை ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் திருப்பச் சொல்லி, முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை விரலால் தொட்டுப் பார்த்தார். வீணைத் தந்தியாக விறைத்திருந்தது. தரையில் நிற்கும்போது தளர்வாகத் தெரிந்த அதே ஹோஸ், பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கினால் பிய்ந்துவிடும். நீளமானது வாங்கி வரப் பையனை அனுப்பினார்.

தோட்டத்துக்காரர் இன்னும் ஒரு அளவு பெரிய டயர் கேட்டுப் பார்த்தார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. “கிரௌன் பினியன் முதல்ல போடுங்க. கொஞ்ச நாள் ஓட்டிப்போட்டு வாங்க, புதுப் பட்டை அமுங்கீருக்கும், யூ போல்ட்டெல்லாம் மறுபடி முறுக்கோணும். அப்பப் பேட் எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு கழட்டிப் பாத்துட்டு மத்ததைப் பேசிக்கலாங்க.”