சேர், நான் ஒன்றும் செய்யவில்லை

பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் போன வாரம் கோல் எடுத்தார். "உங்கட லேப்பில பழைய மெஷின் பதினாலும் எப்படி ஓடுது?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதில் நான் விட்ட பிழை ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தவை ஒரு ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டிகள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. புதிய சொப்ட்வெயார் எதுவும் அவற்றில் ஏறாது. ஆனால் மொனிட்டர், கீபோட், மவுஸ் எல்லாம் நன்றாக வேலை செய்தன. ஆகவே பாவித்த ஒபிஸ் கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, அதற்கு 16 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, லினக்ஸையும் xrdp என்ற சொப்ட்வெயாரையும் நிறுவினோம். அதுதான் எங்கள் சேர்வர். பழைய பெட்டிகளில் சிறியதொரு லினக்ஸ் மட்டும் இருக்கிறது. அது ஒன் ஆனதும் சேர்வரைக் கூப்பிடும்:

```
xfreerdp /v:192.168.1.10 /u:pc08 /p:கடவுச்சொல் /f
```

பிள்ளை திரையில் காண்பது சேர்வருக்குள் ஓடும் ஒரு மேசைத்திரை. தட்டும் எழுத்து அங்கே போகும், படம் இங்கே வரும். முன்னால் இருக்கும் பெட்டி வெறும் ஜன்னல்தான்.

முதலில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பயனர் பெயர் வைத்தேன். pc01 இலிருந்து pc14 வரை. ஒரு மாதம் பிரச்சினை இல்லை. ஒன்பதாவது மெஷினுக்கு மட்டும் மொனிட்டர் இருக்கவில்லை. மொனிட்டர் கிடைத்து அதைப் பூட்டிய அன்று, தரம் 10 மாணவி ஒருத்தி எட்டாவது மெஷினில் விரிதாள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒன்பதாவது கதிரையில் ஒரு பையன் வந்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டான். அடுத்த நிமிடம் அவள் திரை மறைந்தது. அவளுடைய விரிதாள் அப்படியே அவன் திரையில் நின்றது.

அவள் அழத் தொடங்கிவிட்டாள். பையன் வகுப்பில் கொஞ்சம் குறும்புக்காரன். நான் யோசிக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் ஏசினேன். "சேர், நான் ஒன்றும் செய்யவில்லை, ஒன் பண்ணினது மட்டும்தான்" என்றான். நான் நம்பவில்லை. வெளியே நிற்கச் சொன்னேன்.

பின்னேரம் தனியாக இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. எட்டாவது மெஷினின் ஹார்ட் டிஸ்கைப் பிரதி எடுத்துத்தான் ஒன்பதாவதற்குப் போட்டிருந்தேன். மேலே உள்ள கட்டளையில் pc08 என்பதை pc09 ஆக மாற்ற மறந்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் xrdp புதிய மேசைத்திரை திறப்பதில்லை. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துப் புதியவரிடம் கொடுத்துவிட்டு, பழையவரின் தொடர்பைத் துண்டிக்கும். அது கோளாறு அல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பிழை என்னுடையது.

மறுநாள் அதே வகுப்பில், எல்லோர் முன்னாலும், அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சேர்" என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு மெஷினுக்குப் பெயர் வைப்பதை விட்டேன். பிள்ளைக்குப் பெயர் வைத்தேன். வகுப்பில் 28 பேர், 28 கணக்கு, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். கட்டளையிலிருந்து pc08 போன்ற பெயர்களையும் கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டு, பிள்ளையே அவற்றைத் தட்டும்படி மாற்றினேன்.

அன்று அழ வைத்த அதே குணம் பிறகு எங்களுக்கு உதவியது. ஒருநாள் அதே மாணவி வேலை செய்துகொண்டிருக்கும்போது அவளது பெட்டியின் பவர் சப்ளை போய்விட்டது. பக்கத்துக் கதிரைக்கு மாறி தன் பெயரைத் தட்டினாள். பாதியில் நின்ற சூத்திரம் அதே கட்டத்தில், கேர்சர் துடித்தபடி இருந்தது. இரண்டு நிமிட கரண்ட் கட் வந்தாலும் இதே கதைதான். யூபிஎஸ் சேர்வருக்கு மட்டும் போதும். எங்களுடையது ஏறத்தாழ பதினைந்து நிமிடம் தாங்குகிறது. அதைவிட நீண்டால் சேர்வரை நிறுத்தியே ஆக வேண்டும். அப்போது சேமிக்காதது போய்விடும். அதனால் லிப்ரே ஒபிஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை மூன்று நிமிடமாக்கி வைத்திருக்கிறேன்.

பிறகு இன்னொரு தொல்லை வந்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, முதல் பாடவேளைக்கு 14 பேர், இரண்டாவதற்கு 14 பேர் என்று எடுப்பேன். முதல் பாடவேளை நன்றாக ஓடும். இரண்டாவதில் மவுஸை அசைத்தால் அம்பு இரண்டு செக்கன் கழித்து நகரும். சேர்வர் பழசாகிவிட்டது என்று நினைத்து, புதியது கேட்டு அதிபருக்குக் கடிதம் எழுதவும் தயாரானேன். அதற்கு முன் சேர்வரில் `loginctl list-sessions` என்று தட்டிப் பார்த்தேன். அறையில் இருந்தது 14 பிள்ளைகள். பட்டியலில் இருந்தது 28 பெயர்.

முதல் குழு போகும்போது வெளியேறவில்லை. ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களின் மேசைத்திரைகள் ஆளில்லாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. கணக்குப் பாருங்கள். லிப்ரே ஒபிஸ் திறந்த ஒரு மேசைத்திரைக்கு எங்கள் சேர்வரில் சுமார் 600 எம்பி பிடிக்கிறது. 14 பேருக்கு 8.4 ஜிபி, தாராளமாக இடம் உண்டு. 28 பேருக்கு 16.8 ஜிபி. இருப்பதோ 16. மிஞ்சியது டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகிறது. வேகம் விழுவது அங்கேதான். `free -h` தட்டினால் Swap வரியில் பாவித்த அளவு ஏறிக்கொண்டே போவது தெரியும்.

புதிய சேர்வர் தேவைப்படவில்லை. `/etc/xrdp/sesman.ini` இல் இரண்டு வரிகளை மாற்றினேன்:

```
[Sessions]
KillDisconnected=true
DisconnectedTimeLimit=600
```

தொடர்பு அறுந்து 600 செக்கன் கடந்தால் அந்த மேசைத்திரை மூடப்படும். பூச்சியம் போட்டால் கதிரை மாறும் பிள்ளையின் வேலை அழிந்துவிடும். ஒரு மணித்தியாலம் போட்டால் இரண்டாவது குழு திணறும். கதிரை மாற இரண்டு நிமிடம் போதும், சின்னக் கரண்ட் கட்டுக்கு ஐந்து போதும். அதனால் பத்து நிமிடம். இதை மாற்றியபின் xrdp-sesman சேவையை மீள ஆரம்பிக்க வேண்டும், ஆனால் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் நம்பியிருக்காமல், மணி அடிக்குமுன் சேமித்துவிட்டு வெளியேறப் பழக்கியிருக்கிறேன்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. வீடியோ ஓடாது. சேர்வர் வீடியோவை விரித்து, ஒவ்வொரு படமாக 14 ஜன்னல்களுக்கும் அனுப்ப வேண்டும். அதற்கு அதன் நான்கு கோர்களும் போதாது, எங்கள் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சும் போதாது. பிரவுசரும் அப்படித்தான், நாலைந்து டேப் திறந்தால் ஒரு பிள்ளைக்கே ஒரு ஜிபி போய்விடும். விரிதாள், ஆவணம், நிரலாக்கம், தரவுத்தளம் என்று தரம் 10, 11 செய்முறைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காட்ட வேண்டுமென்றால் புரொஜெக்டர் இருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது காலையில் யூபிஎஸ்ஸையும் ஸ்விட்சையும் போடுவது அவன்தான். நானே போகச் சொன்னேன். முதல் நாள் வாசலில் நின்று, "சேர், ஒன் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். இன்றும் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.