பத்துக்குப் பத்து

லண்டனுக்கு வந்து இரண்டாம் வருசம். 2001ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் ஒரு கொலிஜில் பின்னேர இங்கிலிஷ் வகுப்புக்குப் போய்க் கொண்டிருந்தேன். பகலில் பெற்றோல் ஷெட்டில் வேலை, பின்னேரம் வகுப்பு. அந்த வருசம்தான் இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறதுக்கு என்று ஒரு பொதுப் பாடத்திட்டம் கொண்டு வந்தார்கள். என்ட்ரி 1, என்ட்ரி 2, என்ட்ரி 3 என்று படிகள். என்னை என்ட்ரி 1இல் போட்டார்கள், அதாவது அடிமட்டத்தில்.

வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் ஒரு தாள் தருவார்கள். மேலே சின்னக் கதை, கீழே பத்துக் கேள்வி. நான் எப்பவும் பத்துக்குப் பத்து. பக்கத்தில் இருந்த சோமாலியாப் பெடியன் என்னைப் பார்த்துத்தான் எழுதுவான். ஊரில் ஓ.எல். வரைக்கும் படித்தவன், இந்தத் தாள் என்ன பெரிய தாள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் ரீச்சர், வயது போன ஒரு ஐரிஷ் மனுசி, தாளைத் திருத்தித் தந்துவிட்டு, "இப்ப தாளைக் கவிட்டு வை. கதையை எனக்குச் சொல்லு" என்றா. என்னால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. கதையில் வந்தது ஆம்பிளையா பொம்பிளையா என்றுகூடத் தெரியாது. ஆனால் பத்துக்குப் பத்து!

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். கீழே உள்ள வசனத்தை ஒருக்கால் வாசியுங்கோ.

குறுமன் கிமுட்டியைச் சிலுவலில் தறக்கினான்.

இனிக் கேள்வி. தறக்கினது யார்? குறுமன். எதைத் தறக்கினான்? கிமுட்டியை. எங்கே தறக்கினான்? சிலுவலில். மூன்றுக்கு மூன்று, கெட்டிக்காரர்! குறுமன் ஆர், கிமுட்டி தின்னுற சாமானோ உடுக்கிற சாமானோ, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, இப்பதான் நான் உண்டாக்கின சொற்கள். கேள்வியில் உள்ள சொல்லைக் கதையில் தேடிப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் உள்ள சொல்லைப் பார்த்து எழுதினால் சரி. நான் அந்த வகுப்பில் செய்தது இதைத்தான். கேள்விகளும் கதை போற ஒழுங்கிலேயே இருக்கும். முதல் கேள்விக்கு முதல் வரி, கடைசிக் கேள்விக்குக் கடைசி வரி. கண் மட்டும் இருந்தால் போதும்.

இந்தக் கதையை இப்ப ஏன் எழுதுகிறேன் என்றால், கொஞ்ச நாளாக நானே ஒரு 'வாத்தி' ஆகிவிட்டேன். ஈஸ்ற்ஹாமில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா. ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் எல்லாரும் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார்கள், அக்கா மட்டும் மிச்சம். 2013 அக்டோபரில் இருந்து பிரஜாவுரிமைக்கு லைப் இன் த யூகே சோதனையோடு பி1 மட்டத்தில் இங்கிலிஷ் கதைக்கிற, கேட்கிற சோதனையும் பாஸ் பண்ண வேண்டும் என்று வந்தது. பி1 என்றால் எங்கட பழைய என்ட்ரி 3 அளவு. அங்கே தாளில் சொல் தேட இடமில்லை. எதிரில் இருக்கிறவர் கேட்பார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைகளில் அக்காவின் குசினி மேசைதான் வகுப்பு. புத்தகத்தில் இருந்த கதை பனியில் சறுக்கி விளையாடுகிறதைப் பற்றி. அக்காவுக்கு அது குறுமன் கிமுட்டி மாதிரித்தான். ஆகவே நானே ஒன்று எழுதினேன். இங்கிலிஷில் எழுதினதை இங்கே தமிழில் தருகிறேன்.

சனிக்கிழமை. மழை பெய்தது. மேரி குடையோடு மார்க்கற்றுக்குப் போனா. இரண்டு கிலோ மீன் வாங்கினா. நண்டு இருக்கவில்லை. "நண்டு வந்தால் போன் எடுக்கிறேன்" என்று மீன்காரர் சொன்னார். மேரி தன் நம்பரைக் குடுத்தா. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தா. அவவின் தலைமயிர் நனைந்திருந்தது. அப்போது போன் அடித்தது. மீன்காரர்தான்.

முதலில் ஓம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி. மழை பெய்ததா? இதில் ஒரு பிரச்சினை, விளங்காமல் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரி வரும். அதனால் இதே கேள்வியை இரண்டு மூன்று விதமாகக் கேட்க வேண்டும். அன்றைக்கு வெயிலா? மேரி காரில் போனவவா? அடுத்தது இதுவா அதுவா கேள்வி. மீனா இறைச்சியா? விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது, வாய் திறக்கப் பயந்த ஆளுக்கு இது நல்லது.

மூன்றாவது யார், எங்கே, என்ன. இங்கேதான் அக்கா தடக்குப்பட்டா. "வேர் டிட் மேரி கோ?" என்று கேட்டேன். அக்கா தாளில் 'கோ' என்ற சொல்லைத் தேடினா. இல்லை. கதையில் இருப்பது 'வென்ற்'. தமிழில் 'போனா' என்றால் கேள்வியிலும் போனா, பதிலிலும் போனா. இங்கிலிஷில் கேள்வி கேட்கும்போது இறந்தகாலம் 'டிட்'டுக்குப் போய்விடும், வினைச்சொல் பழையபடி 'கோ' ஆகிவிடும். கண்ணால் தேடுகிற ஆள் இந்த இடத்தில் அம்பிடுவார். 'மார்க்கற்' என்று ஒரு சொல்லில் சொன்னாலே போதும், விளங்கிவிட்டது என்று அர்த்தம். "முழு வசனமாகச் சொல்லுங்கோ" என்று நான் முதலில் நெருக்கினேன். உடனே "மேரி டிட் வென்ற்" என்று வந்தது. கதை விளங்கின மனுசியை இலக்கணத்தில் விழுத்திப்போட்டேன். இரண்டையும் ஒரே கேள்வியில் சோதிக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இன்னொரு இடமும் எங்கட ஆட்களுக்குக் கஷ்டம். "ஹூ போன்ட் மேரி?" என்றால் மேரிக்கு யார் எடுத்தது. "ஹூ டிட் மேரி போன்?" என்றால் மேரி யாருக்கு எடுத்தவ. தமிழில் 'யார்', 'யாருக்கு' என்று சொல்லின் வாலிலேயே தெரியும். இங்கிலிஷில் அந்த வால் இல்லை, சொல் நிற்கிற இடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அக்கா இரண்டுக்கும் "பிஷ் மான்" என்றா. கதையில் மேரி ஒருத்தருக்கும் போன் எடுக்கவில்லை. நான் இரண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டபடியால்தான் இது பிடிபட்டது. ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் சரி போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இல்லை என்று கேட்கிற கேள்வியை நான் அக்காவுக்குக் கட்டாயம் வைத்தேன். அதற்கு என் சொந்தக் காரணம் இருக்கிறது. வந்த புதிதில் வெறும் வயிற்றில் ரத்தம் குடுக்கச் சொல்லி ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "காலமை ஒன்றும் சாப்பிடேல்லைத்தானே?" என்ற மாதிரி நேர்ஸ் இங்கிலிஷில் கேட்டா. நான் "யேஸ்" என்றேன். ஓம், சாப்பிடேல்லை என்று என் மனதில். சாப்பிட்டுவிட்டான் என்று அவவின் மனதில். இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிட்டா. பசியோடு வீட்டுக்கு வந்தேன், ஒரு நாள் சம்பளமும் போச்சு. தமிழில் கேள்வி கேட்கிறவரோடு ஒத்துப்போனால் 'ஓம்'. இங்கிலிஷில் நடந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. நடக்காவிட்டால் கேள்வி எப்படி இருந்தாலும் 'நோ'. மேரி நண்டு வாங்கேல்லைத்தானே? "நோ, ஷி டிடின்ற்." இதை அக்கா நான்கு சனிக்கிழமை சொல்லிப் பழகினா.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பாடம் படிப்பித்தது. "மீன்காரர் ஏன் போன் எடுத்தவர்?" என்று எழுதியிருந்தேன். என் மனதில் இருந்த விடை குடை. மேரி குடையைக் கடையில் விட்டுவிட்டு வந்துவிட்டா. அது கதையில் எழுதியில்லை, வாசிக்கிறவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் கெட்டித்தனம்.

அக்கா யோசிக்காமல், "நண்டு வந்திட்டுது தம்பி" என்றா.

பிழை போடப் பேனையை எடுத்தேன். பிறகு ஒரு யோசனை வந்து, "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "இந்தா, நண்டு வந்தால் எடுக்கிறன் எண்டு அந்தாள் சொன்னதுதானே" என்று வரியில் விரலை வைத்துக் காட்டினா. நியாயமான பதில். கதையில் ஆதாரம் இருக்கிறது. என்னைப் போல் சொல் தேடி எழுதினதில்லை, கதையை விளங்கிச் சொன்னது.

"அப்ப மேரியின்ரை தலை ஏன் நனைஞ்சது?" என்று கேட்டேன்.

அக்கா திரும்ப முதல் வரியில் இருந்து வாசித்தா. உதடு அசைந்தது. 'அம்பிறெல்லா' என்ற சொல்லில் விரல் நின்றது. "குடை கொண்டு போனவ... தலை நனைஞ்சிருக்கு... ஐயோ, குடையைக் கடையிலை விட்டிட்டா!" என்று மேசையில் அடித்துச் சிரித்தா. பிறகு, "ஆனா தம்பி, அந்தாள் குடைக்கும் எடுத்திருக்கலாம், நண்டுக்கும் எடுத்திருக்கலாம். நீங்கள் எழுதினது சரியில்லை" என்றா.

உண்மைதான். பிழை என் கேள்வியில். இரண்டு விடை வரக்கூடிய கேள்விக்கு ஒரு விடையை வைத்துக்கொண்டு மற்றதைப் பிழை என்று போட இருந்தேன். அந்தக் கேள்வியை வெட்டிவிட்டு, "தலை ஏன் நனைந்தது? கதையில் எந்த இரண்டு வரி அதைச் சொல்கிறது?" என்று மாற்றினேன். இதற்குச் சொல் தேடிப் பதில் எழுத முடியாது. 'குடையோடு' என்ற வரி மேலே இருக்கிறது, 'நனைந்திருந்தது' கீழே இருக்கிறது. இரண்டையும் தலைக்குள் வைத்துப் பொருத்தினால்தான் வரும்.

வீட்டில் வயது போனவர்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று செய்து பாருங்கோ. கேள்விகளைக் கதையின் ஒழுங்கில் கேட்காமல் குழப்பிக் கேளுங்கோ. ஒருக்கால் தாளைக் கவிட்டு வைத்துவிட்டுக் கேளுங்கோ. பத்துக்குப் பத்து எடுத்தவர் அப்போது மூன்றோடு நின்றால், அந்தப் பத்து என்ட்ரி 1இல் நான் எடுத்த பத்து.

போன சனி அக்கா எனக்கு முன்னமே கொப்பியை விரித்து வைத்திருந்தா. "இண்டைக்கு நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ" என்றா. கொஞ்ச நேரம் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக, "டிட்... மேரி... குக்... த பிஷ்?" என்றா. 'குக்ட்' இல்லை, 'குக்'. நான் சொல்லிக் குடுக்கவில்லை.

கதையில் அது இல்லையே அக்கா என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றா. "இரண்டு கிலோ மீன் வாங்கிக்கொண்டு வந்தவ. போன் வந்திட்டுது எண்டு அப்படியே வைச்சால் பழுதாப் போடுமெல்லே?"